செம்மண்ணும் ஒரு ஜோடி ஷூவும்

கொஞ்ச நாளாகவே மனதை விட்டு நீங்காத ஒரு கேள்வி இருக்கிறது. சுத்தமாகத் துலக்கி, கயிறு ஒழுங்காகக் கட்டி, கறையில்லாமல் அணிந்து வரும் ஸ்போர்ட்ஸ் ஷூவைப் பார்த்ததும் சில அலுவலகங்கள் ஏன் முகம் சுளிக்கின்றன? குன்னூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் என் அக்கா மகள் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் கொடுத்த தாளில், உடை ‘ஸ்மார்ட் கேசுவல்’ ஆக இருக்க வேண்டும் என்று ஒரே வரி இருந்தது. டை வேண்டாம், கோட்டு வேண்டாம், அதே நேரம் வீட்டில் இருப்பதுபோலவும் வரவேண்டாம் என்பது புரிகிறது. காலுக்கு என்ன என்று தாளில் இல்லை. இரண்டாம் வாரத்தில் அங்கே மேலே இருக்கும் ஒருவர் அவள் காலைப் பார்த்துவிட்டு, “ஆபீஸுக்கு இதைப் போட்டுட்டு வரலாமாம்மா?” என்று கேட்டிருக்கிறார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று குனிந்து பார்த்துக்கொள்கிறாள். அந்தக் குனிதல்தான் எனக்கு உறுத்துகிறது. நான் மலையில் காலையில் நடப்பவன். மேல் குன்னூரிலிருந்து பெட்போர்டு வழியாக இறங்கும்போது எதிரே வரும் கால்களை வரிசையாகப் பார்க்கலாம்: சேலை, அதன்மேல் ஸ்வெட்டர், காலில் சாக்ஸும் சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் ஷூவும் அணிந்த ஆசிரியைகள், படி இறங்கும் வங்கி ஊழியர்கள், பேன்ட் ஓரத்தை ஒரு மடிப்பு மடித்துவிட்டு நடக்கும் இளைஞர்கள். சென்னையில் சேலைக்குக் கீழே அந்த ஷூ தெரிந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே யாரும் பார்ப்பதில்லை. தெரு ஏற்றுக்கொண்டதை அலுவலகக் கதவு ஏன் தயங்கிப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி.

தோல் ஷூதான் மரியாதை என்ற எண்ணம் இந்த மலைக்கு வந்த வழி தெரிந்ததுதான். ஊட்டி கிளப் 1841இல் தொடங்கியது. அது இருக்கும் கட்டடம் அதற்கும் பத்தாண்டு முந்தியது. ஸ்னூக்கர் விதிகளை 1882இல் அங்கேதான் எழுதிச் சுவரில் மாட்டினார்கள் என்பது ஊருக்கே தெரிந்த கதை. விதிகளை எழுதி மாட்டும் பழக்கம் விளையாட்டோடு நிற்கவில்லை, உணவறைக்குக் கோட்டும் டையும் என்று உடைக்கும் வந்தது. அந்தக் காலத்துக் கிளப் வாழ்க்கையில் வெள்ளை ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூவுக்கும் இடம் இருந்தது, டென்னிஸ் மைதானத்தில். புல்லைக் கெடுக்காத ஷூ என்பதால் அதற்கு அங்கே மதிப்பு. மைதானத்தைத் தாண்டி உள்ளே வந்தால் கழற்ற வேண்டும். ஆக, ஸ்போர்ட்ஸ் ஷூ மட்டமான பொருள் என்பதால் அதை ஒதுக்கவில்லை. இது ஆடும் நேரம், இது உண்ணும் நேரம் என்று நாளைப் பகுத்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஷூ வைத்திருந்தார்கள். ஒரு நாளில் நான்கு முறை உடை மாற்ற முடிந்தவர்களின் ஒழுங்கு அது. மாற்றிய ஷூவைத் துடைத்து மெழுகு பூசிக் காலையில் வாசலில் வைக்க வீட்டில் ஆள் இருந்தார். தோட்டத்துப் பங்களாவில் பெரிய துரையின் பூட்ஸைப் பளபளப்பாக்கியவர் யார், அவர் காலில் என்ன இருந்தது என்று கேட்டால் இந்த விஷயத்தின் மறுபக்கம் தெரியும். கொழுந்து எடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வெறுங்காலோடு எடுத்தார்கள். 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. காலுக்கானது அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கவில்லை, ‘அதுபோன்ற பிற வசதிகள்’ என்பதற்குள் தேடிக்கொள்ள வேண்டியதாக இருந்தது. மழையையும் குளிரையும் தலையிலிருந்து தோள்வரை கணக்கில் எடுத்த சட்டம், அட்டை கடிக்கும் இடத்தைப் பெயரிடாமல் விட்டது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968இல் அரசு இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பிறகு டான்டீ. அந்த லயங்களிலிருந்து படித்து வந்த பிள்ளைகள் இன்று குன்னூர், ஊட்டி அலுவலகங்களில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் தோல் ஷூ இல்லை என்பதை ஒழுங்கின்மையாகப் படிப்பவருக்கு இந்த மலையின் கால்களின் கதை தெரியாது என்றுதான் நான் நினைப்பேன்.

இன்னொரு முரண் இருக்கிறது. நம்மில் பலருக்கு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்த முதல் காலணியே ஸ்போர்ட்ஸ் ஷூதான். பள்ளியில் வாரத்தில் ஒரு நாள் வெள்ளைச் சீருடை. அன்றைக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. முந்தின இரவு துவைத்து, ஈரம் போகாத இடத்தில் சாக்பீஸைத் தேய்த்து, கடையில் வாங்கும் வெள்ளைப் பூச்சைப் பஞ்சில் தொட்டுத் தடவி, ஓரத்து ரப்பரில் படாமல் துடைத்து வைப்போம். மறுநாள் காலை வரிசையில் உடற்பயிற்சி ஆசிரியர் நகத்தையும் காலையும்தான் பார்ப்பார். வெள்ளை ஷூவில் செம்மண் தெரிந்தால் வரிசையை விட்டு வெளியே. அந்த ஷூ தளர்வின் அடையாளமாக ஒரு நாளும் இருந்ததில்லை. தோல் ஷூவை ஒரு தேய்ப்பில் பளபளப்பாக்கிவிடலாம். கேன்வாஸை ஏமாற்ற முடியாது, முந்தின நாளே உட்கார்ந்து வேலை செய்திருக்க வேண்டும். பள்ளியில் இதைக் கற்றுக்கொண்டு வந்தவர்களிடம், அதே பொருளை அலுவலகத்தில் அக்கறையின்மை என்று சொல்கிறோம்.

உடை விதிகளை எழுதும்போதும் நாம் பெரும்பாலும் கணுக்காலோடு நின்றுவிடுகிறோம். 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வேட்டி கட்டி வந்தார் என்பதற்காகச் சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்கக் கிளப்பில் உள்ளே விடவில்லை. ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போனவர் திரும்பி வர நேர்ந்தது. சட்டமன்றம் அடுத்த மாதமே ஒரு சட்டம் இயற்றி, வேட்டியையும் பிற இந்திய மரபுடைகளையும் காரணம் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்றது; மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், கிளப்பின் உரிமமும் போகலாம். நியாயமான சட்டம். ஆனால் மரபு என்று சொல்லிக் காக்கக்கூடியதைத்தான் அது காக்கிறது. ஸ்போர்ட்ஸ் ஷூ எந்த மரபிலும் சேராது, எனவே அதற்காக வாதாட ஆளில்லை. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை பற்றி ஓர் உத்தரவு வந்தபோதும் விவாதமெல்லாம் சேலை, துப்பட்டா, டி-ஷர்ட், வேட்டி என்றே நடந்தது. தனியார் அலுவலகங்களில் காலணி எழுதப்படாத விதியாகவே கிடக்கிறது. எழுதப்படாத விதியைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அதை மீறி அகப்படுவதுதான். அது வீட்டில் முதலில் அலுவலகம் போனவர்களையே பிடிக்கும். எழுதியே வைத்தவர்களும் உண்டு. உக்ரைனின் ஸ்கைஅப் விமான நிறுவனம் 2021இல் தன் பணிப்பெண்களுக்கு உயர்குதிகாலை எடுத்துவிட்டு வெள்ளை ஸ்னீக்கரைச் சீருடையாக்கியது. அடுத்த ஆண்டு நம் நாட்டில் பறக்கத் தொடங்கிய ஆகாசா ஏர் முதல் நாளிலிருந்தே பணியாளர்களுக்குச் சீருடையோடு சேர்த்து ஸ்னீக்கர் கொடுத்தது. நாள் முழுக்க நின்று நடப்பவரின் கால் என்ன பாடு படுகிறது என்று யோசித்து எடுத்த முடிவு. நீலகிரியில் பேருந்து நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு ஏறி இறங்கும் படிகளைக் கணக்கில் எடுத்தால் இங்கே அந்த முடிவுக்கு இன்னும் காரணம் உண்டு.

இந்த மலையில் தோல் ஷூவுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் அதை ஒழுங்கின் அளவுகோலாக வைக்க மாட்டார்கள். ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை ஊட்டியை நனைத்து முடிக்கும்போது, அக்டோபரில் வடகிழக்கு மழை குன்னூர்ப் பக்கம் வந்துவிடும். இடையில் மூடுபனி. நனைந்த தோல் ஷூ இரண்டு மூன்று நாளானாலும் உள்ளே காயாது. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், விரலை முனைக்குள் விட்டால் ஈரம். அப்படியே அலமாரியில் வைத்தால் ஒரு வாரத்தில் தையல் ஓரங்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம். பழைய வீடுகளில் துணி அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிடுவது இதற்குத்தான். பூஞ்சணத்தைத் துடைத்து மெழுகு போட்டால் கண்ணுக்குப் போய்விடும், வாசனை போகாது. அடுப்பருகிலோ ஹீட்டர் முன்னாலோ வைத்துக் காயவைத்தால் தோல் விறைத்து மடியும் இடத்தில் வெடிக்கிறது, அடியை ஒட்டிய பசையும் இளகுகிறது. தோலாலேயே அடி போட்ட ஷூ என்றால் பாசி படிந்த கல்படியில் அது வழுக்கும். மழைநாளில் அதைப் போட்டு இறங்குபவர்கள் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் அடியும், துவைத்தால் ஒரு நாளில் காயக்கூடிய மேல்பாகமும் உள்ள ஷூ இந்த வானிலையில் நாகரிகத்துக்குக் குறைவான தேர்வாகாது. வெயில் காயும் சமவெளி ஊருக்கு ஏற்ற பொருளை இங்கே மரியாதையின் பெயரால் கேட்பதுதான் பொருந்தாமல் இருக்கிறது.

ஆனால் ‘சுத்தமான ஸ்போர்ட்ஸ் ஷூ’ என்று சொல்லும்போது அந்த முதல் சொல்லை இந்த மண்ணில் காப்பாற்றுவது எளிதில்லை. இங்கத்திய மண்ணுக்கு நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடு. மாவைவிட நுண்ணிய களிமண் துகளோடு அது ஒட்டிக்கொண்டு துணியின் இழைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும். ஓடுவதற்கான ஷூக்களின் மேல்பாகம் காற்றுப் போக வலைபோல் நெய்தது. அந்தக் கண்களே இந்தத் துகளுக்கு வாசல். எல்லோரும் செய்வது, வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் தேய்ப்பது. அதுதான் கறையை உள்ளே தள்ளுகிறது. மண்ணை முதலில் காயவிட வேண்டும். காய்ந்தபின் இரண்டு ஷூக்களின் அடிகளையும் ஒன்றோடொன்று தட்டி, உலர்ந்த பிரஷால் வெளிப்பக்கமாகத் தள்ளினால் பாதிக்கு மேல் தூளாகப் போய்விடும். அதன்பிறகுதான் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும். மிஞ்சும் ஆரஞ்சுக் கறைக்குப் பலர் பிளீச்சிங் பவுடரை எடுக்கிறார்கள். இரும்புக் கறையை அது போக்காது, சில நேரம் இன்னும் ஆழமாக நிலைக்க வைத்துவிடும். செயற்கை இழையையும் மஞ்சளாக்கும். இரும்பைப் பிடித்து இழுத்து வருவது அமிலம். எலுமிச்சைச் சாறு அல்லது கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத் தூள் ஒரு தேக்கரண்டியை ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் பூசி, கால் மணி நேரம் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் போகும். பிளீச்சிங்கையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கக்கூடாது, நச்சுவாயு வரும். அலசும்போது வழவழப்பு நிற்கும்வரை அலச வேண்டும். உள்ளே தங்கிய சோப்பு, காயும் நீரோடு ஓரங்களுக்கு வந்து சேர்வதால்தான் வெள்ளை ஷூவில் மறுநாள் மஞ்சள் வரம்பு விழுகிறது. பிறகு உள்தகட்டைத் தனியே எடுத்து, உள்ளே வெள்ளைத் தாளைச் சுருட்டி அடைத்து, நனைந்த தாளை இரண்டு மூன்று முறை மாற்றி, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். செய்தித்தாள் அடைத்தால் அச்சு மை வெளிர் நிறத் துணியில் ஏறும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்வருபவர்களுக்கு இன்னொரு கறை இருக்கிறது. இதைப் பற்றிச் சொல்லாமல் இங்கே நடுநிலை நிறத்தைப் பற்றிப் பேச முடியாது. என் அக்கா மகளின் வேலையில் வாரத்தில் ஓரிரு முறை தொழிற்சாலைக்கு மாதிரி எடுக்கப் போகவேண்டும். கொழுந்தை அரைக்கும் சி.டி.சி. இயந்திரங்கள் இருக்கும் அறையில் தரையெங்கும் இலைச்சாறு. பழுப்புச் சாறு என்றுதான் தோன்றும். ஏற்கெனவே செம்மண் படிந்த ஷூவோடு அதில் நடந்தால், மாலைக்குள் அந்த இடம் கறுநீலமாக மாறியிருக்கும். சாற்றின் டானினும் மண்ணின் இரும்பும் சேர்ந்தால் கிடைப்பது, பழைய காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் கலந்து காய்ச்சிய எழுதும் மையின் அதே பொருள்தான். மண்ணைத் துலக்கிவிட்டுப் போனால் வெறும் பழுப்பு, மண்ணோடு போனால் மை. எலுமிச்சை அந்தக் கறுப்பை ஓரளவு இளக்கும், அடியிலிருக்கும் பழுப்பு மிஞ்சும். அவளுடைய முதல் ஜோடி பளிச்சென்ற வெள்ளை. வலைப் பின்னல். முன்முனையில் மேகம்போல் ஒரு சாம்பல் கறை இருந்தது. அந்த அதிகாரி பார்த்தது ஸ்போர்ட்ஸ் ஷூவையா, இந்தக் கறையையா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. இரண்டையும் சேர்த்தே பார்த்திருக்கலாம். வெள்ளை ஷூ கறைபட்டால் விளையாட்டுத் திடல் ஞாபகம் வருகிறது, அதே ஷூ கறையின்றி இருந்தால் உடையோடு போய்விடுகிறது.

அடுத்த ஜோடிக்கு ஊட்டி கமர்ஷியல் ரோட்டுக்குச் சேர்ந்தே போனோம். “மாமா, கறுப்பே வாங்கிடலாமா? அழுக்கு தெரியாதுல்ல?” என்றாள். அழுக்கு தெரியாது என்பது சமவெளியில் உண்மை. இங்கே காய்ந்த செம்மண் வெளிர் ஆரஞ்சுத் தூளாக நிற்கும். முழுக் கறுப்பிலும் கருநீலத்திலும் அதுதான் முதலில் கண்ணில் படும். வெள்ளை ஈரமண்ணைக் காட்டுகிறது, கறுப்பு காய்ந்த மண்ணைக் காட்டுகிறது. நடுவிலிருக்கும் நிறங்கள் இரண்டையும் மறைக்கும்: அழுத்தமான சாம்பல், மரப்பட்டைப் பழுப்பு, காய்ந்த இலைப் பச்சை. நிறத்துக்கு முன்னால் பார்க்கவேண்டியது அடிப்பாகத்தின் விளிம்பு என்று கடைக்காரரே சொன்னார், எனக்கு அது மிகச் சரியான பேச்சாகப் பட்டது. சாம்பல் ஷூ என்று எடுத்துப் பார்த்தால் அடியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குத் தும்பைப்பூ வெள்ளையில் ஸ்பாஞ்சு ஓடுகிறது. அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டும்போது எதிரே இருப்பவருக்குத் தெரிவது அந்த விளிம்புதான். சேறு முதலில் தொடுவதும் அதைத்தான். மேல்பாகம் சாம்பலாக இருந்து என்ன பயன்? கச்சா ரப்பரின் தேன் நிறத்தில் அடி வைத்த ஷூக்கள் உண்டு. செம்மண் அந்த நிறத்தோடு கலந்துவிடுகிறது, ஒரு ஈரத்துணி போதும். அவள் எடுத்தது பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். மேல்பாகம் வலையில்லாத வழவழப்பான தோல். ஒரே நிறத்தில் தையல். நிறுவனச் சின்னம் அழுத்தி மட்டும் பதித்தது, வேறு நிறத்தில் ஒட்டியதில்லை. அடி தேன் நிறம். கூடவே வந்த வெள்ளைக் கயிற்றை எடுத்துவிட்டுச் சாம்பல் கயிறு கோத்தோம். அந்த ஒரு மாற்றத்துக்கே ஷூ அடங்கிவிட்டது. தோலுக்கும் பூஞ்சணம் வரும் என்பதை மறக்கவில்லை; ஆனால் நனைந்ததும் துடைத்து நிழலில் வைக்க அவளிடம் இன்னொரு ஜோடி இருக்கிறது, மாற்றி மாற்றிப் போடலாம். ஒரே ஜோடி வாங்க முடிகிறவருக்கு நான் தோலைச் சொல்ல மாட்டேன். கெட்டியாக நெய்த அழுத்தமான சாம்பல் கேன்வாஸ்தான் சரி, துவைத்தால் காயும். விலை குறைவான செயற்கைத் தோல் பார்வைக்கு மிக நேர்த்தி, ஆனால் இந்த ஈரத்தில் மடியும் இடத்தில் மேல்பூச்சு செதில் செதிலாக உரியும். உரிந்ததைச் சரிசெய்ய வழியில்லை.

அடிப்பாகத்தின் கோடுகளையும் திருப்பிப் பார்க்க வேண்டும். மலை ஓட்டத்துக்கென்று ஆழமான பற்கள் வைத்த அடி, தோட்டப் பாதையில் நன்றாகப் பிடிக்கும். அந்தப் பற்களுக்கு நடுவே அடைபட்ட களிமண் அலுவலகத் தரையில் கட்டி கட்டியாக விழும். பகல் முழுக்க அது காய்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும், கூட்டுகிற அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறை கூட்டுவார். மீன்முள் போல நெருக்கமாகக் கோடு போட்ட தட்டை அடி, டென்னிஸ் ஷூவின் அடி, ஈரத் தரையிலும் கல்படியிலும் பிடிக்கும், மண்ணையும் தூக்கிவராது. வழுக்கும் களிமண் சரிவுக்கு மட்டும் அது போதாது. தோட்டத்துக்குள் நடக்கிற வேலை என்றால் கம்பூட்ஸில் போய் மேசையடியில் வைத்திருக்கும் ஷூவுக்கு மாறுவதே வழி. தோட்ட அலுவலகங்களில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அலுவலகத்துக்கு மட்டும் என்று பத்திரப்படுத்தி வைக்கும் ஷூ பத்திரமாக இருப்பதில்லை. நடு அடிக்குப் பாலியூரித்தேன் நுரை போட்டிருந்தால், அணியாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் அதைச் சில ஆண்டுகளில் உள்ளுக்குள்ளேயே சிதைத்துவிடும். ஒரு நாள் எடுத்துப் போட்டு நடந்தால் படியிலேயே கேக் மாதிரி உதிரும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும்: மீண்டு வந்தால் நல்லது, பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் அதை நம்பி வெளியே போகக்கூடாது. முழு ரப்பர் அடிக்கு இந்தத் தொல்லை இல்லை, எடை கொஞ்சம் கூடும்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வுக்கும், வெளியூரிலிருந்து வாங்குபவர்கள் வந்து உட்காரும் முதல் சந்திப்புக்கும் நான் இன்னும் தோல் ஷூவையே சொல்வேன். எதிரே இருப்பவருக்கு உங்களைத் தெரியாதபோது அவர் கண்ணுக்குக் கிடைப்பது இது மட்டும்தான். அந்த நேரத்தில் ஒரு வாதத்தைக் காலில் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. பளபளக்கும் பட்டை, ஒளிரும் பச்சைக் கயிறு, மூன்று விரல் உயரத்துக்கு எழும் குதிகால் நுரை இவையெல்லாம் சுத்தமாக இருந்தாலும் அலுவலகத்தில் கண்ணை இழுக்கத்தான் செய்யும். அவற்றை வேண்டாம் என்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடங்கிய நிறத்தில், தட்டை அடியோடு, துலக்கிய ஷூவை ஒருவர் அன்றாட வேலைக்கு அணிந்து வந்தால் அதைத் தடுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எனக்கு மிஞ்சும் சந்தேகம் வேறு. சுத்தம் என்று கேட்கும்போது யாரிடம் எவ்வளவு கேட்கிறோம்? அலுவலக வாசல்வரை காரில் வருபவரின் ஷூ ஒரு வாரம் துடைக்காமலே சுத்தமாக இருக்கும். லயத்திலிருந்து மண்பாதையில் இறங்கி, பேருந்தில் நின்று, மறுபடி படியேறி வருபவர் காலையில் துலக்கிப் போட்டது எட்டரை மணிக்கே சிவந்துவிடும். இரண்டு ஷூக்களையும் ஒரே கண்ணால் பார்த்தால், பார்ப்பது ஷூவை அல்ல, அவர் வந்த வழியை.

பழைய தோட்டப் பங்களாக்களில் முன்படிக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இரும்புத் தகடு ஒன்று பதித்திருக்கும். துரை தோட்டத்திலிருந்து வந்ததும் பூட்ஸின் அடியை அதில் ஒரு முறை இழுத்துத் தேய்த்துவிட்டுப் படியேறுவார். பூட்ஸ் அணிந்தவருக்கே சேறு ஒட்டும் என்பது வீட்டைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதற்கு ஏற்பாடும் செய்தார்கள். சுத்தமான ஷூ வேண்டும் என்று தாளில் எழுதுகிற அலுவலகம் அந்தத் தகட்டை முதலில் பதிக்கட்டும். செலவு பெரிதில்லை: நாலு விரல் அகலத்தில் கூர்மழுங்கிய இரும்புப் பட்டை, இருபுறமும் சிமெண்டில் நட்ட கால், சறுக்காமல் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கம்பி. அதைத் தாண்டியதும் கெட்டியான தென்னைநார் மிதியடி, ஒரு ஆள் இரண்டு எட்டு வைக்கும் நீளத்துக்கு. ஓர் எட்டுக்கு மட்டும் போட்டால் ஒரு கால்தான் துடைபடும். கூரைக்குக் கீழே ஒரு குழாய், நீளக் கைப்பிடி வைத்த பிரஷ், உட்கார ஒரு கல் பெஞ்சு, ஈரச் செருப்பை வைக்கக் காற்றுப் போகும் மரத்தட்டு. மழைக்காலத்தில் மிதியடியை வாரம் ஒரு முறை திருப்பித் தட்டிக் காயப்போடும் வேலையை ஒருவர் பொறுப்பில் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே சேற்றைப் பூசும். இதைத்தான் அக்கா மகளிடம் சொன்னேன். அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். தகட்டுக்கு அளவு எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் டேப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.